ஒதுக்கிய கற்கள் எந்த மாதத்தவை

"அந்த ஆளு பதில் போட்டானா?"

தையல் ஆலையிலிருந்து திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா இதைக் கேட்டுவிடுவாள். மகள் முப்பதுக்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு எழுதியிருந்தாள். ஏழெட்டு நாடுகள். அம்மாவின் மனதில் அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே ஆளாகிவிட்டார்கள். எங்கோ குளிரான ஊரில் கோட்டுப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வேண்டுமென்றே பதில் போடாமலிருக்கும் ஒரு திமிர் பிடித்த ஆள்.

"இல்லம்மா."

"ஒரு மனுஷன் இத்தனை மாசமா ஒரு வரி எழுத மாட்டானா? கையில என்ன வியாதி அவனுக்கு?"

"அவங்களுக்கெல்லாம் ஒரு நாளைக்கு நூறு மெயில் வரும்மா."

"வந்தா? எனக்கு ஒரு நாளைக்கு நானூறு சட்டைக் காலர் வருது. கை வலிக்குதுன்னு ஒண்ணை விட்டுட்டு வர முடியுமா? சூப்பர்வைசர் தோலை உரிச்சிடுவான்."

மகள் கையை மூன்றாவது தடவையாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். மீன் வாடை சோப்புக்குப் போகாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கழுவுவாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு மீன்வள ஆய்வுக்கூடத்தில். முதுகலை முடித்ததும் திட்ட உதவியாளராகச் சேர்ந்தவள். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். திட்டம் முடியப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மீன் தீவனக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அம்மா யார் மூலமோ விசாரித்து வைத்திருந்தாள். பண்ணை பண்ணையாகப் போய்த் தீவன மூட்டை விற்க வேண்டும். அது கேவலமான வேலை என்று மகள் நினைக்கவில்லை. அதில் போய் உட்கார்ந்துவிட்டால் திரும்பி வர மாட்டோம் என்று மட்டும் நினைத்தாள்.

ஆய்வுக்கூடத்தில் அவளுடைய வேலை காதுக்கல் பார்ப்பது. மீனின் தலைக்குள் இரண்டு சின்னக் கற்கள் இருக்கும். வெட்டிய மரத்தில் வளையம் தெரிவது போல அந்தக் கல்லிலும் வளையங்கள் தெரியும். அவற்றை எண்ணினால் மீனின் வயது தெரியும். சொல்வதற்குத்தான் சுலபம். மாதா மாதம் அணைக்கட்டு ஏரியிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன்கள் வரும். தலையைப் பிளந்து, கல்லை எடுத்து, கழுவி, உலர்த்தி, பிசினில் பதித்து, மெல்லிய சீவலாக அறுத்து, நைஸ் உப்புத்தாளில் தேய்த்து, அதன் பிறகுதான் நுண்ணோக்கியில் வைக்க முடியும். கொஞ்சம் அதிகம் தேய்த்துவிட்டால் நடுப்பகுதி போய்விடும். மீனும் போச்சு, நாளும் போச்சு.

இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுவார்கள். எந்த மாதத்து மீன், என்ன நீளம் என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் கண் ஏமாற்றும். இருவர் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு தடவை பார்ப்பார்கள். அப்போதும் தெளிவில்லையென்றால், படிக்க முடியாதது என்று அந்தக் கல்லை ஒதுக்கிவிடுவார்கள். எல்லா ஆய்வுக்கூடங்களிலும் இதுதான் வழக்கம். கட்டுரையில் ஒரே ஒரு வரி வரும், இத்தனை சதவீதம் ஒதுக்கப்பட்டன என்று. அந்த வரியை யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

அவள் நின்று படித்தாள். அதற்குக் காரணம் அறிவு என்று சொல்ல முடியாது, சலிப்புதான். ஒரு மதியம் மின்சாரம் போய், நுண்ணோக்கி அணைந்துபோய், செய்வதற்கு ஒன்றுமில்லாமல், ஒதுக்கிய கற்களின் குப்பிகளை எடுத்து, பதிவேட்டைப் பார்த்து மாதவாரியாக மேசையில் அடுக்கினாள். எல்லா மாதத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மீன்கள் முட்டையிடும் இரண்டு மூன்று மாதங்களில் குப்பிகள் குவிந்து நின்றன. அவையும் பெரிய மீன்களுடையவை. முட்டையிட்டு முட்டையிட்டு வளையங்கள் கலங்கிப்போன வயதான மீன்கள்.

அதாவது, தெளிவில்லை என்று தூக்கிப் போட்டது வயதான மீன்களைத்தான். மிச்சமிருப்பவை இளசுகள். அவற்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், இந்த மீன் சீக்கிரம் செத்துப்போகிற ஜாதி, நிறையப் பிடித்தாலும் பாதகமில்லை என்று வரும்.

இதை ஒரு கட்டுரையாக எழுதி சாரிடம் கொடுத்தாள். சார் என்றால் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர், அவளுடைய வழிகாட்டி. கொடுத்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன. கேட்கும்போதெல்லாம், "பார்க்கறேன்மா, மேசையிலதான் இருக்கு," என்பார். மேசையில்தான் இருந்தது. அதன் மேல் வேறு தாள்கள் ஏறிக்கொண்டே போயின.

அந்தக் கூடத்தில் அவளுக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். டெம்ப்ளேட் அண்ணன். வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு எழுத அவரிடம் ஒரு மாதிரி மெயில் உண்டு. பெயரையும் கட்டுரைத் தலைப்பையும் மாற்றினால் போதும். கூடத்தில் எல்லாரும் அதைத்தான் அனுப்பினார்கள், அதனால்தான் அந்தப் பெயர். அவரும் நான்கு வருடமாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

"இது எண்ணிக்கை விளையாட்டும்மா. நூறு போட்டா ஒண்ணு மாட்டும்," என்றார், மதியம் டப்பாவைத் திறந்துகொண்டே.

"நீங்க எத்தனை போட்டீங்க அண்ணா?"

"அது வேற கணக்கு."

"எனக்கு ஒருத்தருக்கு மட்டும் சரியா எழுதணும் அண்ணா."

"ஒருத்தருக்கா? லாட்டரியில ஒரே ஒரு சீட்டு வாங்கிட்டுக் கனவு காண்ற ஆளு நீ." அண்ணன் சிரித்தார். பிறகு டப்பாவைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "எழுது. நான் மட்டும் என்னத்தக் கண்டேன்."

அந்த ஒருத்தர் காதுக்கல் ஆய்வில் பெரிய பெயர். சமீபத்தில் அவருடைய குழு, வளையங்களைக் கணினியே எண்ணும்படி ஒரு முறை செய்து வெளியிட்டிருந்தது. ஆயிரக்கணக்கான கற்களின் படங்களைக் காட்டிக் கணினிக்குப் பழக்கியிருந்தார்கள். அவள் அந்தக் கட்டுரையைத் தாள் கிழியும் வரை படித்திருந்தாள், அந்த முறையைக் கூடத்துப் படங்களில் ஓட்டியும் பார்த்திருந்தாள். செய்முறைப் பகுதியில் அந்த வழக்கமான வரி இருந்தது: படிக்க முடியாத கற்கள் நீக்கப்பட்டன. தெளிவான கல்லை மட்டுமே பார்த்துப் பழகிய கணினி, கலங்கிய கல்லை எப்படி எண்ணும்?

பேராசிரியரின் வலைப்பக்கத்தில், சேர விரும்புகிறவர்களுக்கு என்று ஒரு பத்தி இருந்தது. நீளமாக எழுதாதீர்கள். உங்களுக்கு ஆர்வம் உண்டு என்பதை நம்புகிறேன், அதைச் சொல்ல வேண்டாம். எங்கள் வேலையில் எது உங்கள் வேலையோடு எங்கே தொடுகிறது என்பதைச் சொல்லுங்கள்.

தொடும் இடம் அவளிடம் இருந்தது. ஆனால் அது சாரின் மேசையில் தாள்களுக்கு அடியில் இருந்தது.

அவள் சாரின் அறைக்குப் போனாள். பழைய ஏசி முனகிக்கொண்டிருந்தது. சார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பேராசிரியருக்கு எழுதப்போறேன். நம்ம முடிவைப் பத்தி ஒரு பத்தி போட்டுக்கலாமான்னு கேக்க வந்தேன்."

தேடுவதை நிறுத்தினார். "எந்த முடிவு?"

"ஒதுக்கினது மாசவாரியா, சார்."

"அச்சுல வராததை வெளிய சொல்லக் கூடாதும்மா. அவங்ககிட்ட ஆள் இருக்கு, மெஷின் இருக்கு. நீ ஒரு வரி சொன்னா போதும், அவங்க ஒரு மாசத்துல எழுதி முடிச்சிடுவாங்க. நாம வேடிக்கை பார்க்கணும்."

"அவங்க அப்படிச் செய்வாங்கன்னு…"

"செய்வாங்கன்னு சொல்லல. செய்ய முடியும்னு சொல்றேன். கட்டுரை வரட்டும்."

"கட்டுரை எப்ப சார்…"

"பார்க்கறேன்மா."

அவள் வெளியே வந்தாள். கோபம் வந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. வரவில்லை. பல மாதங்களாகக் கோபப்பட்டுப் பட்டு அதுவும் தேய்ந்துபோயிருந்தது. மேலும் சார் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. முடிவு கூடத்துக்குச் சொந்தம். எண்ணியதில் இரண்டாவது கண் அவருடையது. அவர் சம்மதமில்லாமல் வெளியே கொடுத்தால், அதன் பிறகு அவரிடம் போய்ப் பரிந்துரைக் கடிதம் கேட்க முடியாது. பரிந்துரை இல்லாமல் எந்த இடமும் இல்லை.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள். முடிவைச் சொல்லாமல் எழுதினால் அண்ணனின் மாதிரி மெயில் போலவே வந்தது. தங்கள் மேன்மையான ஆய்வு, என் ஆழ்ந்த ஆர்வம். அழித்தாள். சொல்லி எழுதினால் நன்றாக வந்தது. அதையும் அழித்தாள்.

எதிரில் அம்மா காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, எழுதி எழுதி அழிக்கற?"

"தெரிஞ்சதைச் சொல்லக் கூடாது. சொல்லாட்டி நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது."

"அந்த ஆளுக்கா?"

"இது வேற ஆளும்மா. பொம்பளை."

அம்மாவின் கை நின்றது. "பொம்பளையா? அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே." மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். "எங்க லைன்ல புதுசா யாராவது வந்தா, நான் எங்க வேலை பார்த்தேன், எத்தனை வருஷம்னு அளப்பாங்க. நாங்க காதுலயே வாங்க மாட்டோம். ஆனா ஒருத்தி வந்து உக்காந்ததும், 'அக்கா, இந்தத் துணிக்கு நூல் அறுந்துக்கிட்டே இருக்குமே, நீங்க என்ன பண்றீங்க?'ன்னு கேட்டா. அவ்வளவுதான். இவ தைச்சவன்னு தெரிஞ்சு போச்சு."

சொல்லிவிட்டு அம்மா அடுத்த காலுக்குத் தைலம் எடுத்தாள். தான் எதையும் சொன்னதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. மகள் அம்மாவைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு எழுதத் தொடங்கினாள்.

ஆங்கிலத்தில் அவள் எழுதியது ஏறக்குறைய இதுதான். தலைப்பில், அடுத்த ஆண்டு முனைவர் பட்ட இடம் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒதுக்கப்பட்ட கற்கள் பற்றியும், என்றிருந்தது. உள்ளே: நான் வெப்பமண்டல ஏரி மீன்களின் காதுக்கற்களை மூன்று ஆண்டுகளாக அறுத்து எண்ணி வருகிறேன். உங்கள் புதிய முறையை எங்கள் படங்களில் ஓட்டிப் பார்த்தேன். தெளிவான கற்களில் என் எண்ணிக்கையோடு நன்றாக ஒத்துப்போகிறது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் படிக்க முடியாதவை என்று நீக்கிய கற்கள் எந்த மாதங்களில் பிடித்த மீன்களுடையவை? அவை எல்லா மாதங்களிலும் சமமாக இருந்தனவா? இந்தக் கேள்வியைத்தான் என் முனைவர் ஆய்வாகச் செய்ய விரும்புகிறேன். அடுத்த ஆண்டு மாணவர்களை எடுக்கிறீர்களா? எந்த உதவித்தொகைக்கு நான் விண்ணப்பிக்க வேண்டும்? என் தன்விவரமும் மதிப்பெண் சான்றும் இணைத்திருக்கிறேன்.

அவ்வளவுதான். முடிவு எதுவும் அதில் இல்லை.

காலையில் அண்ணனிடம் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். "புகழ்ச்சியே இல்லையேம்மா. ஒரு 'மேன்மைதங்கிய'வாவது போடேன்."

"வேணாம் அண்ணா."

"குறை கண்டுபிடிக்கற மாதிரி இருக்கு. கடுப்பாயிட்டா?"

"ஆவாங்க."

அனுப்பினாள். அன்று வந்த மீன்களை அறுக்கப் போனாள்.

பதில் அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தீவனக் கம்பெனியிலிருந்து, நேர்காணலுக்கு வர முடியுமா என்று கேட்டுப் போன் வந்தது. வருகிறேன் என்றாள். சொன்ன பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். அழவில்லை. சும்மா நின்றாள்.

பதில் வந்தபோது அவள் கையில் பிசின் ஒட்டியிருந்தது. முழங்கையால் கைபேசியைத் தள்ளித் தள்ளிப் படித்தாள்.

பேராசிரியர் எழுதியிருந்தார்: பதிலுக்குத் தாமதம், காரணம் உங்கள் கேள்வி. பழைய கோப்புகளைத் தேடினோம். எத்தனை கற்கள் நீக்கப்பட்டன என்று இருக்கிறது, எந்த மாதம் என்று குறிக்கவில்லை. எண்ணிய மாணவர் போய்விட்டார். இதை நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. உங்களிடம் மாதங்கள் இருக்கின்றன என்று நினைக்கிறேன், இல்லையென்றால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். என் கையில் இப்போது தனிப் பணம் இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல்கலைக்கழக உதவித்தொகை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆய்வுக்குழுவும் ஒருவரை மட்டுமே முன்மொழியலாம். என்னிடம் ஏற்கெனவே இருவர் கேட்டிருக்கிறார்கள். நான் படிக்கும்படி ஏதாவது இருந்தால் இந்த மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள்.

அவள் அதை மறுபடி படித்தாள். சந்தோஷம் ஒரு பக்கம் எழும்பும்போதே இன்னொரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே போக வேண்டிய சீட்டு சாரின் மேசையில் இருக்கிறது. திரும்பவும் அந்த மேசை.

கையைத் துடைத்துக்கொண்டு போனாள். ஒன்றும் பேசாமல் கைபேசியை அவர் முன் வைத்தாள். சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். படித்தார். முகத்தைக் கைபேசிக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"மாசம் குறிச்சு வைக்கலையாமா?"

"ஆமா சார்."

"இவங்களா?"

"ஆமா சார். தேடிப் பார்த்தாங்களாம்."

சார் நாற்காலியில் சாய்ந்தார். வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததேயில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு பெரிய குழு. அவ்வளவு மெஷின். கடைசியில என்னை மாதிரியே," என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் மேசையில் மேலே இருந்த தாள்களை நகர்த்தி, அவளுடைய கட்டுரையை எடுத்தார். தேட வேண்டியிருக்கவில்லை. எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

"மூணாம் பக்கம். என் பழைய கட்டுரையைச் சொல்லியிருக்க. 'முந்தைய ஆய்வில் ஒதுக்கப்பட்ட மாதிரிகளின் விவரம் தரப்படவில்லை.' எவ்வளவு மரியாதையா குத்தியிருக்க பாரு."

"குத்தணும்னு எழுதல சார்."

"தெரியும்மா. அதான் வலிச்சுது." அவர் தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்தினார். "இதே ஏரி. இதே மீன். அந்தக் கணக்கை வெச்சுத்தான் இன்னிக்கும் அங்க எவ்வளவு பிடிக்கலாம்னு முடிவு பண்றாங்க. நானும் மாசம் குறிக்கல. கல்லையும் தூக்கிப் போட்டுட்டேன். நீ கொண்டுவந்து கொடுத்தன்னிக்கே படிச்சிட்டேன். இதுல என் கையெழுத்தையும் போட்டு அனுப்பினா, பார்க்கிறவன் என்ன சொல்வான்? சார் தப்பை சாரே காட்டிக் கொடுத்துட்டார்ன்னா? இல்ல, உதவியாளர் பொண்ணு கண்டுபிடிச்சிட்டாள்னா?"

ஏசி முனகியது. அவர் படிக்கவில்லை என்று நினைத்துத்தான் அவள் இத்தனை மாதம் கேட்டுக்கொண்டிருந்தாள். படித்துவிட்டார் என்பது அதைவிட மோசமாக இருந்தது.

"என்னை வெறுமனே அலைய விட்டீங்களே சார்," என்றாள். குரலில் கோபம் இல்லை. அவளுக்கே அது ஆச்சரியம்.

"ஆமா," என்றார் சார். கட்டுரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இதழுக்கு அனுப்பினா வர ஒரு வருஷம் ஆகும். இந்த மாசக் கடைசிக்கு என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"பொது இணையதளத்துல போடலாம் சார். அச்சுக்கு முன்னாடியே போட்டு வைக்கறாங்களே, தேதியோட. எல்லாரும் படிக்கலாம். யார் முதல்ல சொன்னாங்கன்னும் இருக்கும். அதுக்கு உங்க சம்மதம் வேணும்."

"அதெல்லாம் எனக்குப் பிடிக்காத வேலை."

"தெரியும் சார்."

அவர் சிவப்புப் பேனாவைத் தேடினார். கிடைக்கவில்லை. அவள் தன் பென்சிலைக் கொடுத்தாள்.

அதன் பிறகு நடந்தது மகிழ்ச்சியான வேலை இல்லை. சார் ஒவ்வொரு வரியிலும் முட்டினார். வளையம் எது, பொய் வளையம் எது என்று இரண்டு பேரும் பழைய சீவல்களை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். இரண்டு படங்களைத் திரும்ப வரையச் சொன்னார். ஒரு முடிவை, இவ்வளவு உறுதியாகச் சொல்ல எண்ணிக்கை போதாது என்று அடித்துவிட்டார். அவள் வாதாடிப் பார்த்தாள். அவர் சொன்னதுதான் சரி. மூன்றாம் பக்கத்து வரியை மட்டும் அவர் தானே திருத்தி எழுதினார்: எங்களில் ஒருவர் முன்பு செய்த ஆய்விலும் இதே குறை உண்டு.

அண்ணன் கட்டுரையின் கடைசி வடிவத்தில் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தார். "உன் மெயிலை ஒரு காப்பி கொடேன்," என்றார்.

"எதுக்கு அண்ணா? மாதிரியா வெச்சுக்கவா?"

"அதான் பார்த்தேன். இதுல பேரை மாத்தி வேற யாருக்கும் அனுப்ப முடியாது. வேஸ்ட்டு."

தளத்தில் ஏற்றி, இணைப்பைப் பேராசிரியருக்கு அனுப்பிய அன்றுதான் தீவனக் கம்பெனியில் நேர்காணல். போனாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அடுத்த மாதம் சேரலாம் என்றார்கள். தலையாட்டிவிட்டு வந்தாள்.

நான்கைந்து நாளில் பேராசிரியரின் பதில் வந்தது. இந்த முறை மூன்றே வரி. படித்தேன். உங்கள் பெயரை முன்மொழிகிறேன், தேர்வுக்குழுவின் முடிவு ஆறு மாதத்தில் தெரியும். வியாழக்கிழமை வீடியோவில் பேசலாமா, உங்கள் இரண்டாவது படத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்.

அம்மா வந்து செருப்பைக் கழற்றும்போது மகள் தானாகவே சொன்னாள். "பதில் வந்துச்சும்மா. என் பேரைக் கொடுக்கறாங்களாம். ஒரு படத்துல சந்தேகமாம், வியாழக்கிழமை பேசணுமாம்."

அம்மா ஒரு செருப்போடு நின்றாள். "அப்போ கெடைச்சிடுச்சா?"

"இல்லம்மா. குழு ஒண்ணு இருக்கு. அவங்க பார்த்துதான் சொல்லணும். ஆறு மாசம் ஆகும்."

"ஆறு மாசமா? அது வரைக்கும்?"

"தீவனம் விப்பேன்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ்வளவு பெரிய சேதி. முகத்தை ஏன்டி இப்படி வெச்சிருக்க? கொஞ்சம் சந்தோஷப்படேன்."

"படறேன்மா. கொஞ்சம் தூங்கிட்டு வந்து படறேன்."

உடுப்புக்கூட மாற்றாமல் படுக்கையில் சாய்ந்தாள். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன கேட்பதென்று தெரியாமல், அந்தப் படத்தில் அந்தப் பொம்பளைக்கு என்ன சந்தேகமாம் என்று கேட்டாள். மகள் கண்ணை மூடியபடியே சொல்லத் தொடங்கினாள், கல்லின் ஓரம் கலங்கும், அது வளையமா இல்லையா என்று தெரியாது, என்று. பாதியில் குரல் குழறியது. அம்மா எழுந்துபோய் விளக்கை அணைத்தாள்.